முந்திரியை ஒன்றென்று வைத்துக்கொண்டால்: பழைய நில அட்டவணை ஒன்றை இன்றைய எண்ணுக்கு மாற்றிய அனுபவம்

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டில் ஒரு பழைய அச்சுப் புத்தகம் உண்டு. கையடக்கமானது. மேலட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டதால் அச்சிட்டவர் யார், எந்த வருஷம் என்பதெல்லாம் தெரியாது. உள்ளே முழுக்க நிலக் கணக்கு, நெல் கணக்கு வாய்பாடுகள்தான். அத்தான் அதைப் படம் எடுத்து அனுப்பி, "மாப்ளே, தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்துல இதே மாதிரி குறி இருக்கு. இந்தப் புத்தகத்தைப் பிடிச்சிக்கிட்டா அதையும் படிச்சிடலாம்னு தோணுது. நீ கொஞ்சம் பாரேன்" என்றார்.

அவர் சொன்னது நல்ல யோசனை. பத்திரத்தில் ஒரு குறி ஒரு இடத்தில் வரும், அவ்வளவுதான். அது என்ன என்று சரிபார்க்க வேறு துணை கிடையாது. அட்டவணையில் அப்படி இல்லை. ஒரே அளவு ஒரே வரியில் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதைப் பிடித்துவிடலாம். அதனால் பழைய தமிழ் எண், பின்னக் குறிகளைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் இப்படி ஓர் அச்சு அட்டவணையைத் தேடிப் பிடிப்பது நல்லது என்பேன்.

நான் எடுத்துக்கொண்ட பக்கத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் வேலியின் பின்னம். இரண்டாவதில் அதற்கு எத்தனை குழி. மூன்றாவதில், வேலிக்கு ௱௨௰ கலம் என்ற கணக்கில் அந்த நிலத்துக்கு எவ்வளவு நெல் குத்தகை. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு பழக்கம்தான்: 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா, ஆக வேலிக்கு 2000 குழி. எங்கள் பக்கம் 12 அடிக் கோலால் அளந்த குழி, அதாவது 144 சதுர அடி. ஒரு மா 33 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வருவதும், மூன்று மாவை ஏக்கர் என்று பேச்சில் சொல்வதும் இதனால்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நிலத்துக்குச் சொல்லும் மா, கணக்கில் இருபதில் ஒரு பங்கு என்று பொருள்படும் அதே மாதான். வேலியில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. வேறு ஊர்களில் காணி என்றால் ஒரு ஏக்கருக்கும் மேலே. இந்தப் பக்கத்தில் காணி என்றால் 25 குழி மட்டுமே.

பார்த்ததை மட்டும் முதலில் எழுதுவது

குறியைப் பார்த்தவுடன் மனதுக்குள் 1/4, 1/8 என்று மாற்றி எழுதத் தோன்றும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். நான் கணினியில் ஐந்து பத்திகள் போட்டேன்: பார்த்தது, பெயர், முந்திரி, குழி, குறிப்பு. "பார்த்தது" என்பதில் அச்சில் உள்ள குறி எதுவோ அது மட்டும். மதிப்பு பிறகு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால், பின்னால் ஒரு வரி ஒத்துவராதபோது தப்பு அச்சிலா, நம் வாசிப்பிலா என்று தெரியாமல் போகும்.

இலக்கங்களை அப்படியே உள்ளிடுவதில் சிரமமில்லை. ௧ முதல் ௯ வரை, ௰, ௱, ௲ எல்லாம் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. பின்னக் குறிகள் யூனிகோடுக்கு வந்தது 2019இல், 12.0 பதிப்பில்தான். U+11FC0 முதல் U+11FD3 வரை சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக இருக்கின்றன: முதலில் முந்திரி, கடைசியில் முக்கால். வீசத்துக்கும் அரைக்கும் மட்டும் இரண்டிரண்டு வடிவம், ஏனென்றால் பழைய அச்சுகளிலும் ஓலைகளிலும் இரண்டும் வழங்கின. Noto Sans Tamil Supplement போன்ற எழுத்துரு இல்லாவிட்டால் இவை திரையில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் இங்கேயும் குறிகளைப் போடாமல் பெயரால் சொல்கிறேன். கோப்பிலும் குறியோடு அதன் எண்ணையும் (கால் என்றால் U+11FD0, ஒருமா என்றால் U+11FC8) எழுதி வைத்தால், அடுத்தவர் கணினியில் கட்டம் தெரிந்தாலும் தகவல் தொலையாது.

இன்னொன்று, எழுத்தையும் இலக்கத்தையும் பிரிப்பது. பழைய அச்சில் ௧வும் கவும் ஒன்றுபோலவே இருக்கும். ௨–உ, ௪–ச, ௭–எ, ௮–அ ஜோடிகளும் அப்படித்தான். ௫ பார்ப்பதற்கு ரு, ௬ பார்ப்பதற்கு சு, ௰ பார்ப்பதற்கு ய. கால் என்ற பின்னக் குறி வ போலவே இருக்கும். எழுத்துணரி மென்பொருளில் இந்தப் பக்கத்தைக் கொடுத்தபோது முந்திரிக்கு எதிரே இருந்த குழி எண் "சுவ" என்று வந்தது. அது ௬ம் காலும். ஆறேகால் குழி. பதினைந்து "யரு" என்றும் இருபது "உய" என்றும் வந்தன. ஒரு பத்தி முழுக்க எண்தான் என்று தெரிந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம், ஆனால் தலைப்பும் எண்ணும் கலந்த இடத்தில் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி. அது இரண்டு இல்லை.

௰ என்பது ஒரு இலக்கம் இல்லை

குழிப் பத்தியில் வீசத்துக்கு எதிரே ௱௨௰௫ என்று இருந்தது. குறிக்குக் குறி இன்றைய எண்ணைப் போட்டால் 100, 2, 10, 5 என்று ஒட்டிக்கொண்டு 1002105 ஆகிவிடும். இணையத்தில் கிடைக்கும் சில மாற்றிகள் உண்மையிலேயே இப்படித்தான் தருகின்றன. பழைய முறையில் ௰, ௱, ௲ மூன்றும் இடத்தின் பெயர்கள். முன்னால் ஓர் இலக்கம் இருந்தால் அதனால் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று என்று பொருள். பின்னால் வருவதைக் கூட்ட வேண்டும். நாம் வாயால் சொல்வதும் இதே முறைதான்: நூற்று, இரு பத்து, ஐந்து. 125.

அதே போல ௲௫௱ என்பது 1500. ௨௲ என்பது 2000. ௰௨ என்பது 12. ௨௰ என்பது 20. பத்தாயிரம் ௰௲, லட்சம் ௱௲. அதாவது ஆயிரத்துக்கு முன்னால் நிற்பது ஓர் இலக்கமாக இல்லாமல் ஒரு முழு எண்ணாகவும் இருக்கலாம். பிற்கால அச்சுகளில் ௦ சேர்ந்து, ௧௨௫ என்று இன்றைய முறையிலேயே இலக்கங்களை அடுக்கியிருப்பார்கள். ஒரே புத்தகத்தில் பக்க எண் புது முறையிலும் உள்ளே அட்டவணை பழைய முறையிலும் இருப்பதைப் பார்க்கலாம். எங்கள் புத்தகமும் அப்படித்தான்.

பைத்தானில் int('௧௨௫') என்று கொடுத்தால் 125 சரியாக வரும். int('௰') என்றால் பிழை காட்டும், ஏனென்றால் யூனிகோடில் ௰ இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை, எண்மதிப்பு உள்ள குறியாகத்தான் இருக்கிறது. unicodedata.numeric அந்த மதிப்பைத் தரும். அதை வைத்துக்கொண்டு இரண்டு முறைகளுக்கும் பொருந்துகிற மாதிரி இந்தச் சின்ன நிரலை எழுதிக்கொண்டேன்:

```python
from unicodedata import numeric

def en(s):
    motham, kai = 0, 0
    for c in s:
        v = int(numeric(c))
        if v < 10:
            kai = kai * 10 + v
        elif v < 1000:
            motham += (kai or 1) * v
            kai = 0
        else:
            motham = (motham + kai or 1) * v
            kai = 0
    return motham + kai
```

கையில் இருக்கும் இலக்கம் kai. ௰ அல்லது ௱ வந்தால் அதைப் பெருக்கி மொத்தத்தில் சேர்க்கிறது. ௲ வந்தால் அதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்குகிறது. இது முழு எண்ணுக்கு மட்டும். பின்னக் குறியை இதற்குள் விட்டால் int அதைச் சைபர் ஆக்கிவிடும். அதனால் பின்னங்களைத் தனியாகப் பிரித்து எடுத்தேன்.

முந்திரிதான் அலகு

முந்திரியைத் தசமத்தில் எழுதினால் 0.003125. இப்படி எழுதிப் பத்து வரி போவதற்குள் கண் கட்டிவிடும். விரிதாளில் 1/8 என்று அடித்தால் ஆகஸ்ட் 1 என்று தேதியாக மாறிவிடும் தொல்லை வேறு. இரண்டுக்கும் ஒரே தீர்வு, முந்திரியை ஒன்று என்று வைத்துக்கொள்வது.

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று மா குடும்பம்: காணி 1/80, அரைமா 1/40, ஒருமா 1/20, இருமா 1/10, நாலுமா 1/5. இன்னொன்று பாதி பாதியாகக் குறைந்து போகும் வீசக் குடும்பம்: அரை, கால், அரைக்கால் 1/8, வீசம் 1/16, அரை வீசம் 1/32, கால் வீசம் 1/64. இரண்டையும் ஒரே அலகில் மிச்சமில்லாமல் எழுதுவதற்கு 320 என்ற எண் போதும். 320ஐ 64ஆலும் வகுக்கலாம், 80ஆலும் வகுக்கலாம். அதனால் காணி 4, கால் வீசம் 5, அரைமா 8, அரை வீசம் 10, முக்காணி 12, ஒருமா 16, வீசம் 20, இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, மூன்று வீசம் 60, நாலுமா 64, கால் 80, அரை 160, முக்கால் 240, முழு வேலி 320. எல்லாம் முழு எண். இந்தப் பின்னங்களை வகுத்துவைத்தவர்கள் முந்திரியில் வந்து நின்றதன் காரணம் இதை எழுதிப் பார்க்கும்போது தானாகப் புரியும்.

இனி சரிபார்ப்பது சுலபம். வேலிக்கு 2000 குழி, ஆகவே ஒரு முந்திரிக்கு ஆறேகால் குழி. வேலிக்கு 120 கலம், கலத்துக்கு 12 குறுணி, ஆகவே ஒரு முந்திரிக்கு நாலரைக் குறுணி. முதல் பத்தியின் முந்திரி எண்ணை ஆறேகாலால் பெருக்கினால் இரண்டாம் பத்தி வர வேண்டும், நாலரையால் பெருக்கினால் மூன்றாம் பத்தி குறுணியில் வர வேண்டும். மூன்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதை நம்மால் சொல்லிவிட முடியும்.

மூன்றாம் பத்தி வெறும் எண்ணில் இல்லை, முகத்தல் அளவுப் பெயர்களோடு இருக்கிறது. குறுணி, பதக்கு (இரண்டு குறுணி), தூணி (நாலு குறுணி), கலம் (மூன்று தூணி). அரைக் கலம் வர வேண்டிய இடமெல்லாம் தூணிப்பதக்கு என்றே இருக்கும், 4 + 2 = 6 குறுணி. காணிக்கு ஒரு கலமே தூணிப்பதக்கு. முந்திரிக்குத் தூணி நானாழி, குறுணிக்கு எட்டு நாழி என்பதால் அது நாலரைக் குறுணி. அத்தை வீட்டுப் பக்கத்தில் முன்பு கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். குறிகளின் வடிவம் அவருக்கு மறந்துவிட்டது. பெயர்கள் மறக்கவில்லை. "நீங்க குழியச் சொல்லுங்க தம்பி, நான் நெல்லச் சொல்றேன்" என்று உட்கார்ந்து, பக்கத்தைப் பார்க்காமலே அவர் சொல்லச் சொல்ல நான் டிக் செய்துகொண்டே போனேன். இப்படி வாய்ப்பாடம் தெரிந்தவர் கிடைத்தால், குறியைக் காட்டி "இது என்ன" என்று கேட்பதைவிட அளவைச் சொல்லி விடையைக் கேட்பதே பலன் தரும்.

மை கலைந்த ஒரு வரி

அரைமாவுக்கும் ஒருமாவுக்கும் நடுவில் ஒரு வரி. முதல் பத்திக் குறி மை ஊறி வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. குழிப் பத்தியிலும் முன்பாதி தேய்ந்து, கடைசியில் ஒரு ௫ மட்டும் தெளிவாக நின்றது. நெல் பத்தி முழுசாக இருந்தது: ௪ கலமே தூணிப்பதக்கு.

வரிசை ஏறுமுகம் என்பதால் விடை 8க்கும் 16க்கும் இடைப்பட்ட முந்திரியாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தனிக்குறி உள்ள பின்னங்கள் மூன்று: அரை வீசம் (10), முக்காணி (12), முக்கால் வீசம் (15). அரை வீசமானால் அறுபத்திரண்டரைக் குழி, முக்கால் வீசமானால் தொண்ணூற்று மூன்றே முக்கால் குழி. இரண்டிலும் ௫ கடைசியாக வர வாய்ப்பில்லை, அதற்குப் பிறகு ஒரு பின்னக் குறி வந்தாக வேண்டும். முக்காணியானால் 75 குழி, ௭௰௫, கடைசி ௫ சரியாகப் பொருந்துகிறது. நெல்லைப் பார்த்தால் 12 × 4½ = 54 குறுணி, அதாவது நாலு கலமும் ஆறு குறுணியும். அதுவும் பொருந்துகிறது. ஆக முக்காணி. "பார்த்தது" பத்தியில் நான் முக்காணிக் குறியைப் போடவில்லை. "சிதைவு" என்று எழுதி, குறிப்பில் இந்தக் காரணத்தை எழுதினேன். கண்ணால் கண்டதும் கணக்கால் பெற்றதும் வேறு வேறு என்பது கோப்பைப் பார்க்கும் அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

அச்சுக் கோத்தவர் கை தவறிய இடம்

மூன்று வீசத்துக்கு எதிரே குழி ௩௱௫௰௭ என்று மிகத் தெளிவாக அச்சாகியிருந்தது. 357. ஆனால் 60 முந்திரிக்கு 375 குழி வர வேண்டும். நெல் பத்தியில் ௨௰௨ கலமே தூணிப்பதக்கு, இருபத்திரண்டரைக் கலம். 60 × 4½ = 270 குறுணி, 12ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை. முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒன்றுக்கொன்று சரி, நடுவில்தான் பிசகு. ௭ம் ௫ம் இடம் மாறி விழுந்திருக்கின்றன. அச்சுக் கோப்பதில் எளிதாக நேரக்கூடியதுதான்.

இங்கே என்ன செய்வது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பார்த்தது ௩௱௫௰௭ என்றே இருக்க வேண்டும். கோப்பின் குழிப் பத்தியில் 375, குறிப்பில் "அச்சில் 357, நெல் பத்தியோடு ஒத்துப் பார்த்து மாற்றியது". சத்தமில்லாமல் திருத்திவிட்டால் இந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை வைத்திருப்பவர் நம் கோப்பைத்தான் சந்தேகப்படுவார். அது மட்டுமில்லை. அந்தக் காலத்தில் யாராவது இந்தப் பக்கத்தைப் பார்த்தே கணக்கு எழுதியிருந்தால் அவர்கள் ஏட்டிலும் 357 இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இந்தக் குறிப்பு ஒன்றுதான் வழி.

கூட்டுவதா, பெருக்குவதா

முழு எண்ணில் ௨௰ என்றால் பெருக்கல். பின்னத்தில் குறிகள் அடுத்தடுத்து நின்றால் கூட்டல். காலுக்குப் பக்கத்தில் ஒருமா நின்றால் 80 + 16 = 96 முந்திரி, அதாவது 3/10. காலுக்குப் பக்கத்தில் அரைக்கால் நின்றால் 3/8. எப்போதும் பெரியது முன்னால், சிறியது பின்னால். சிறியது முன்னால் நிற்பதுபோல் தெரிந்தால் நாம் ஏதோ ஒரு குறியைத் தவறாக வாசித்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.

குழப்பம் வருவது பெயரில். "கால் வீசம்" என்பது ஒரே குறி, வீசத்தில் கால், 1/64. கால் குறியும் வீசக் குறியும் தனித்தனியாக அடுத்தடுத்து நின்றால் அது 1/4 + 1/16 = 5/16. வாயால் சொல்லும்போது இதைக் காலே வீசம் என்போம். ஒன்றே கால், இரண்டே முக்கால் என்பதில் வரும் அதே ஏகாரம். பேச்சில் இந்த ஏ கூட்டலைக் காட்டிவிடும், அச்சில் குறிகளுக்கு நடுவே அதற்கு இடமில்லை. நிலத்தில் இதன் வித்தியாசம் சாதாரணமில்லை. கால் வீசம் முப்பத்தொன்றேகால் குழி, காலே வீசம் 625 குழி. இருபது மடங்கு. எங்கள் பக்கத்தில் காலுக்கும் அரைக்கும் நடுவே இந்த வரி இருந்தது, எதிரே ௬௱௨௰௫ என்று போட்டிருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் பத்திரத்தில் குழி எண் பக்கத்தில் இருக்காது. அதனால் பெயர் பத்தியில் எழுதும்போது ஒரு குறி என்றால் "கால் வீசம்", இரண்டு குறி என்றால் "கால் + வீசம்" என்று எழுதும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

பெருக்கல் வரும் பின்னக் குறி ஒன்றே ஒன்று, அது "கீழ்". யூனிகோடில் U+11FD4. இதற்குப் பின்னால் வரும் பின்னத்தை மேலும் 320ஆல் வகுக்க வேண்டும். கீழரை என்றால் அரை முந்திரி, 1/640. கீழ் முந்திரி என்றால் முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று, 1/102400. unicodedata.numeric இந்தக் கீழ் குறிக்கும் 1/320இன் மதிப்பையே தருவதால், குறிகளின் மதிப்பை வெறுமனே கூட்டும் நிரல் கீழரையை 161 முந்திரி ஆக்கிவிடும், அதாவது பாதி வேலிக்கும் மேலே! எங்கள் பக்கத்தில் முந்திரிக்கும் மேலே, முதல் வரியே கீழரைதான். எதிரே ௩ம் அரைக்கால் குறியும். மூன்றே அரைக்கால் குழி, ஆறேகாலில் சரிபாதி. நெல் பதக்கு இருநாழி, அதுவும் நாலரைக் குறுணியில் சரிபாதி. கீழ் என்ற குறியை முன்பின் பார்த்திராதவர்கூட இந்த ஒரு வரியை வைத்து அதன் வேலை என்ன என்று சொல்லிவிடலாம். முந்திரி அலகில் அரை முந்திரி 0.5 என்று வந்து முழு எண் ஒழுங்கு கெடுகிறதே என்று தோன்றலாம். கீழ் வரும் வரிகளுக்கு மட்டும் கீழ் முந்திரி என்று தனிப் பத்தி வைத்தேன், அங்கே கீழரை 160.

நிற்க வேண்டிய இடம்

எல்லாம் முடிந்ததும் அத்தான் கேட்டது, "அப்புறம் இந்த நெல்லையும் கிலோவுல போட்டுடேன்." போடவில்லை. பின்னம் எங்கே போனாலும் பின்னம்தான், 3/16 என்பது எந்த ஊரிலும் 3/16. குறுணியை அளக்கும் மரக்கால் அப்படியில்லை. எட்டுப் படி மரக்காலும் உண்டு, நாலு படி மரக்காலும் உண்டு, படியிலேயே சின்னப் படி, பெரிய படி. இந்தப் பக்கத்தில் முந்திரிக்குத் தூணி நானாழி என்று இருப்பதால் குறுணிக்கு எட்டு நாழி என்பது உறுதி. அந்த நாழி எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பக்கம் எங்கேயும் சொல்லவில்லை. குழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 144 சதுர அடி என்பது 12 அடிக் கோலுக்கு. கோல் நீளம் மாறினால் குழி மாறும். ஆகவே கோப்பில் குழி வரை எண்ணாக, நெல் கலம்–குறுணி–நாழியில் எண்ணாக. சென்ட் கணக்கு வேண்டுமென்றால் தனிப் பத்தியில், "12 அடிக் கோல் என்று கொண்டால்" என்ற தலைப்போடு.

இந்தப் பக்கத்தை முடித்த கையோடு பத்திரத்துக்குப் போனோம். அதில் அத்தானின் தாத்தா பங்குக்கு எதிரே மூன்று குறிகள் இருந்தன: அரைக்கால், ஒருமா, காணி. 40 + 16 + 4, அறுபது முந்திரி. பெரியது முன்னால், சிறியது பின்னால், ஒழுங்கு சரி. அட்டவணையில் மூன்று வீசத்துக்கு வரும் அதே 375 குழி. மூன்று வீசம் என்று ஒரே குறியில் எழுதியிருக்கலாமே என்று அத்தான் கேட்டார். அடுத்த வரிகளைப் படித்தபோது விடை கிடைத்தது. அவை மூன்று தனித்தனித் துண்டுகள்: அரைக்கால் ஒரு வயல், மா ஒரு வயல், காணி வாய்க்காலோரத்துத் திடல். பத்திரம் எழுதியவர் மொத்தத்தைச் சுருக்காமல் துண்டுக்கு ஒரு குறியாக வைத்திருக்கிறார். அதனால் பத்திரத்தின் கோப்பில் 60 என்று ஒரே எண்ணாகப் போடாமல் 40, 16, 4 என்று மூன்று வரியாகவே வைத்து, கூட்டலைக் கீழே தனியாக எழுதினோம்.